கைப்பிடி உடைந்த குவளை

மாஸ்டர் இறந்த மறுநாள் பட்டறையைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது, அலமாரியில் பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைத்திருந்த இருபத்து மூன்று கிண்ணங்கள். முந்தின நாள் மாலை அவர் சக்கரத்தில் வனைந்தவை. "நாளைக்குக் காலையில அடி சீவிடலாம் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கத்திலேயே போய்விட்டார்.

மண் யாருக்காகவும் காத்திருக்காது. வனைந்த கிண்ணம் தோல் பதத்துக்கு வரும்போதுதான் அதைக் கவிழ்த்து அடியைச் சீவ முடியும். தாளைப் போர்த்தி வைத்தால் அந்தப் பதத்தை நான்கைந்து நாள் நீட்டலாம். அதற்கு மேல் விட்டால் விளிம்பு காய்ந்து, அடி மட்டும் ஈரமாக நிற்கும், சீவினால் வெடிக்கும். மூன்றாம் நாள் மாலை யாரிடமும் கேட்காமல் சக்கரத்தின் முன் உட்கார்ந்தேன். அவர் கிண்ணங்களின் அடியில் எப்போதும் கொஞ்சம் கனமாக மண் விட்டு வைப்பார். கவிழ்த்து, விரலால் தட்டி, சத்தம் மாறும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஆறு வருடமாக என் கிண்ணங்களில் அதைச் செய்திருக்கிறேன். அவர் வனைந்ததில் கை வைத்தது அன்றுதான்.

இருபத்து மூன்றையும் சீவி முடித்தபோது இரவாகிவிட்டது. கடைசியில் ஒன்று மிச்சம் இருந்தது. அடிவளையத்துக்குப் பக்கத்தில் அவர் முத்திரையை அழுத்தும் வேலை. முத்திரை மேஜை மேலேதான் இருந்தது. எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். வனைந்தது அவர், ஆனால் அடி என்னுடையது. அவர் பார்த்துச் சரி என்று சொன்ன பாத்திரத்தில்தான் அந்த முத்திரை விழும். இவற்றை அவர் பார்க்கவில்லை.

அப்புறம் அவர் மகள் வந்தார். பட்டறை எனக்குத்தான் என்று அப்பா பலமுறை சொல்லியிருப்பதாகவும், எழுதியே வைத்திருப்பதாகவும் சொன்னார். "என்ன மாத்தணுமோ மாத்திக்கோங்க, அப்பா இருந்த மாதிரியே வெச்சிருக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் எதை மாற்றுவது என்று முடிவு செய்ய, அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது முதலில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறு வருடம் கூடவே இருந்தும் முழுதாகத் தெரியவில்லை என்பது அடுத்த இரண்டு மாதத்தில்தான் புரிந்தது.

சுடும்போது பாத்திரத்தின் மேல் கண்ணாடிப் பூச்சாகும் கிளேஸைக் கலக்குவதை மட்டும் மாஸ்டர் யாரிடமும் விட்டதில்லை. மண் பிசைவது, சூளை அடுக்குவது, இரவு முழுக்க விழித்துச் சுடுவது எல்லாம் எனக்குத் தெரியும். கிளேஸ் கலக்கும் நாளில் மட்டும் அவர் சீக்கிரமே வந்து, நான் வருவதற்குள் முடித்திருப்பார். ரகசியம் என்று நான் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. அவருடைய நோட்டுப் புத்தகம் அலமாரியில் திறந்தே கிடக்கும். அதில் எங்கள் பட்டறையின் தெளிந்த கிளேஸ் நான்கே வரியில் இருக்கிறது: ஃபெல்ட்ஸ்பார் 40, சிலிகா 30, சுண்ணாம்புத் தூள் 20, கயோலின் 10. ஃபெல்ட்ஸ்பார் சூட்டில் உருகும் கனிமம், சிலிகா மணலில் இருக்கும் பொருள், கயோலின் வெள்ளைக் களிமண். அதிகச் சூட்டில் சுடும் ஸ்டோன்வேர் பாத்திரம் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று கணக்கு மனப்பாடம். சூளைக்குள் வைக்கும் சின்னக் கூம்புதான் கோன், குறித்த சூடு வந்ததும் வளையும். கோன் 10 சூட்டில், அதாவது ஏறத்தாழ 1285 டிகிரி செல்சியஸில், இந்தக் கிளேஸ் உருகிப் பளபளவென்று கண்ணாடியாகும்.

அவர் கடைசியாகக் கலக்கிய வாளியில் பதினோரு லிட்டர் கிளேஸ் மிச்சம் இருந்தது. அதைத் தொட மனம் வரவில்லை. ஆனால் பாக்கி நின்ற வேலைகளை முடித்தாக வேண்டும். நோட்டைப் பார்த்து எடை போட்டேன்: ஃபெல்ட்ஸ்பார் நான்கு கிலோ, சிலிகா மூன்று, சுண்ணாம்புத் தூள் இரண்டு, கயோலின் ஒன்று. பத்து லிட்டர் தண்ணீர். 80 கண் சல்லடையில் இரண்டு முறை வடித்தேன். மாஸ்டர் விரலை முக்கி எடுத்து, நகத்தின் ஓரம் எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துத்தான் கெட்டியைச் சொல்வார். என் விரலை நான் நம்பவில்லை. அவர் வாளியை நன்றாகக் கலக்கி, 100 மில்லி எடுத்து நிறுத்துப் பார்த்தேன். 145 கிராம் இருந்தது. என் வாளியையும் அதே 145க்குக் கொண்டுவந்தேன். ஒப்பிட ஒன்று கையில் இருந்ததால் தைரியமாக இருந்தது.

சூளை நன்றாகவே சுட்டது. கோன் வளைந்த விதமும் சரியாக இருந்தது. மறுநாள் கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய கம்பியைச் சுண்டினாற்போல டிங், டிங் என்று. ஒரு கிண்ணத்திலிருந்து தொடங்கி எல்லாத் தட்டிலிருந்தும் வந்தது. மாஸ்டரின் சூளை திறக்கும்போது பட்டறை அமைதியாக இருக்கும். இந்தச் சத்தத்தை இங்கே நான் கேட்டதே இல்லை.

கிளேஸில் மயிரிழை விரிசல் விழும் சத்தம் அது. சூளை ஆறும்போது மண்ணும் சுருங்குகிறது, மேலே ஒட்டியிருக்கும் கிளேஸும் சுருங்குகிறது. மண்ணைவிடக் கிளேஸ் அதிகம் சுருங்க நினைத்தால் அது இழுபட்டு நிற்கும். கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வலை பின்னியதுபோல விரிந்துவிடும். அலங்காரத்துக்காகவே இப்படி விரியவைக்கிறவர்கள் உண்டு, அது வேறு. சாப்பிடுகிற பாத்திரத்தில் நான் அதை விரும்புவதில்லை. அடியிலுள்ள மண் நன்றாக இறுகாவிட்டால் விரிசல் வழியே தண்ணீர் கசியும், கறை இறங்கும். பாத்திரத்தின் பலமும் குறைகிறது.

முதலில் என் அவசரத்தைத்தான் குறை சொன்னேன். 180 டிகிரியிலேயே கதவைத் திறந்திருந்தேன். மாஸ்டர் கை வைத்தால் சுடாத வரைக்கும் திறக்க மாட்டார். அடுத்த சூளையில் 60 டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருந்தேன். சத்தமே இல்லை. பாத்திரங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு கோடு கூட இல்லை. அன்றைக்கு இருந்த நிம்மதி இன்னும் நினைவில் இருக்கிறது. ஐந்தாம் நாள் காலை, அலமாரியில் சும்மா இருந்த ஒரு குடுவையிலிருந்து டிங் என்றது.

சீக்கிரம் திறப்பது விரிசலை முன்னுக்கு இழுக்கும், அவ்வளவுதான். பொருத்தமில்லாத கிளேஸ் மெதுவாக ஆறினாலும் இழுபட்டேதான் நிற்கிறது. இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம் விரியும். புதுப் பாத்திரத்தைச் சூளையிலிருந்து எடுத்த அன்றே நன்றாக வந்திருக்கிறது என்று சொல்வதை அதோடு நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் மாஸ்டரின் கிளேஸ் ஏன் விரிவதில்லை? அதே நோட்டு, அதே மண், அதே சூளை. கிளேஸ் கலக்கும் மூலையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்த ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். பெயர் எழுதிய சாக்குகள் நான்கு. அதற்குப் பின்னால் பெயர் எழுதாத டிரம் மூன்று, மூன்றிலும் வெள்ளைத் தூள். அவருக்கு இடத்தை வைத்தே தெரியும், எழுதத் தேவைப்பட்டதில்லை. நடு டிரம்மில் கைப்பிடி உடைந்த ஒரு குவளை கிடந்தது. அவர் கையால் செய்ததுதான்.

அப்போது எனக்கு ஒரு காலை நினைவுக்கு வந்தது. ஒருநாள் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டேன். வாளியைக் கிளறிக்கொண்டே அந்தக் குவளையால் இரண்டு முறை அள்ளிப் போட்டார். கயோலின்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வெள்ளைத் தூள்கள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள் கொஞ்சம் உண்டு. முகமூடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்தேன். வினிகர் விட்டதும் முதல் டிரம் தூள் பொங்கியது. ஏதோ ஒரு கார்பனேட் என்று அர்த்தம். சுண்ணாம்புத் தூளாக இருக்கலாம். ஆனால் பேரியம் கார்பனேட்டும் பொங்கும், அது விஷம். பெயர் எழுதிய சாக்கில் சுண்ணாம்புத் தூள் போதுமான அளவு இருக்கும்போது, யூகத்தை நம்பிச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் இதைப் போட எந்தக் காரணமும் இல்லை. டிரம்மை மூடி, ஒட்டி, அபாயக் கழிவாக ஒப்படைத்துவிட்டேன். அவர் சேர்த்து வைத்ததில் நான் வெளியேற்றிய முதல் பொருள் அது.

மூன்றாவது டிரம் தூளைத் தண்ணீரில் குழைத்தால் வழுவழுவென்று உருட்ட வந்தது. கயோலின். நடு டிரம் பொங்கவும் இல்லை, குழையவும் இல்லை. தண்ணீரில் விட்டதும் ஈர மணல்போல அடியில் உட்கார்ந்துவிட்டது. ஃபெல்ட்ஸ்பாராகவோ சிலிகாவாகவோ இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது சூளை. சின்ன மண் அகலில் ஒரு தேக்கரண்டி வைத்துக் கோன் 10க்குச் சுட்டால் ஃபெல்ட்ஸ்பார் பால் நிறத்தில் உருகி உறைந்திருக்கும். சிலிகா தனியாக அந்தச் சூட்டில் உருகாது. நடு டிரம் தூள் போட்டபடியே தூளாக வந்தது. ஆனால் அலுமினாவும் உருகாது, சூளைத் தட்டில் பூசுவதற்கு அதை வைத்திருப்பவர்கள் உண்டு. அதனால் இன்னொரு முறை, நோட்டில் உள்ள கிளேஸில் சிலிகாவுக்குப் பதிலாக இந்தத் தூளை வைத்துச் சுட்டேன். அலுமினாவாக இருந்தால் வெளுத்து, சொரசொரப்பாக நின்றிருக்கும். தெளிந்த கண்ணாடியாக வந்தது.

சிலிகாதான். நோட்டில் 30 பங்கு சிலிகா எழுதிவிட்டு, அதற்கு மேல் இரண்டு குவளை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இதில் மர்மம் எதுவும் இல்லை. சூடேறினால் கிளேஸ் எவ்வளவு விரியும், ஆறினால் எவ்வளவு சுருங்கும் என்பது அதிலுள்ள பொருட்களைப் பொறுத்தது. சோடியமும் பொட்டாசியமும் அதைக் கூட்டும், உருகிக் கண்ணாடியான சிலிகா குறைக்கும். கிளேஸில் விரிசல் விழுந்தால் சிலிகாவைக் கூட்டிப் பார் என்பது மண்பாண்ட வேதியியலில் பழைய பாடம். 1886இல் சூளைக்கான கோன்களைக் கொண்டுவந்த ஹெர்மன் சேகர் காலத்திலிருந்தே சொல்லிவரும் வைத்தியம்.

ஆனால் மாஸ்டருக்கு ஏன் அது தேவைப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. பரண் மேல் மடித்து வைத்திருந்த பழைய ஃபெல்ட்ஸ்பார் சாக்கு ஒன்று கிடைத்தது. அதில் வேறு சுரங்கத்தின் பெயர். இப்போது வாங்குகிற ஃபெல்ட்ஸ்பாருக்கு விற்பவர்களிடம் பகுப்பாய்வுத் தாள் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழையது பொட்டாசியம் மிகுந்த பொட்டாஷ் வகை. புதியதில் சோடியம் கணிசமாகக் கூடுதல். கிளேஸைச் சுருங்க வைப்பதில் பொட்டாசியத்தைவிடச் சோடியம் மோசம். நோட்டில் எழுதிய நாளில் அந்தக் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். எப்போதோ சாக்கு மாறியிருக்கிறது, சூளை திறக்கும்போது அவர் காதில் டிங் என்று விழுந்திருக்கிறது, இரண்டு குவளையில் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார்.

சரி, இரண்டு குவளை என்றால் எவ்வளவு? தலை தட்டிப் பத்து முறை அள்ளி நிறுத்தேன். 430 முதல் 470 கிராம் வரை வந்தது, சராசரி 450. பத்து கிலோவுக்கு 900 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்பது. அவர் தலை தட்டினாரா, குவித்தாரா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பாத்திரத்தையே கேட்டுப் பார்த்தேன். எங்கள் மண்ணிலேயே ஆறு சின்னக் கிண்ணம் வனைந்தேன். 200 கிராம் கிளேஸ் ஆறு தனித்தனிக் கோப்பையில் கலந்து, கூடுதல் சிலிகாவாக 0, 6, 12, 18, 24, 30 கிராம் சேர்த்தேன். நூற்றுக்கு மூன்று மூன்றாக ஏறுகிற வரிசை. கெட்டி எல்லாவற்றுக்கும் ஒன்றே, முக்கி எடுக்கும் நேரமும் ஒன்றே, மூன்று விநாடி. இதில் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தடிமனாக ஏறிய கிளேஸ் இன்னும் சுலபமாக விரியும், அப்போது எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சுட்டு முடித்ததும் இரவு முழுக்க உறைபெட்டியில் வைத்து, காலையில் எடுத்த கையோடு கொதிக்கும் தண்ணீரில் இறக்கினேன். கண்ணாடி அணிந்து, தள்ளி நின்றுதான் செய்ய வேண்டும், சில கிண்ணம் பிளந்தே போகும். மூன்று நாள் மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மை தடவித் துடைத்தால், கண்ணுக்குத் தெரியாத கோடும் கறுத்துத் தெரியும். ஒன்றும் சேர்க்காதது சூளையிலேயே விரிந்திருந்தது. நூற்றுக்கு மூன்று சேர்த்தது முதல் சுற்றிலும், நூற்றுக்கு ஆறு சேர்த்தது இரண்டாவது சுற்றிலும் விரிந்தன. ஒன்பதும் பன்னிரண்டும் மூன்று சுற்றும் தாங்கின. பதினைந்து சேர்த்தது விரியவில்லை, ஆனால் பளபளப்பு மங்கி, ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன. சிலிகா இன்னும் ஏறினால் எதிர்த் தவறு வரும்: கிளேஸ் குறைவாகச் சுருங்கி, அழுத்தம் மிஞ்சி, விளிம்பில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அது விரிசலைவிட ஆபத்து, சில்லு உணவில் விழும். அதனால் ஆறு விளிம்புகளையும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். எதுவும் பெயரவில்லை.

ஒன்பதில் நிற்பதற்கு எனக்கு ஆசை. அவர் கை ஒன்பதில் நின்றிருக்கிறது, பாத்திரமும் சரி என்கிறது. ஆனால் எட்டிலேயே விரியுமா என்பது எனக்குத் தெரியாது. ஆறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எங்கோ எல்லை இருக்கிறது. நாளை ஃபெல்ட்ஸ்பார் கொஞ்சம் மாறினாலும் ஒன்பது எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விடலாம். அவருக்குக் காது இருந்தது, அப்படிப் போனால் மூன்றாவது குவளையைப் போட்டிருப்பார். எனக்குக் கொஞ்சம் இடைவெளி வேண்டும். பதினொன்று என்று முடிவு செய்து, அதையும் மூன்று சுற்று சோதித்தபின் நோட்டில் அவர் வரிகளுக்குக் கீழே எழுதினேன்: சிலிகா 41, எந்த ஃபெல்ட்ஸ்பார், எந்தத் தேதி. அவர் எழுதிய 30ஐ அடிக்கவில்லை.

இன்னொரு மாற்றம் இதைவிட எனக்கு வலித்தது. மாஸ்டர் தினமும் மாலை பட்டறையைப் பெருக்குவார். காய்ந்த தரையில் துடைப்பம் ஓடும் சத்தம்தான் எங்களுக்கு வேலை முடிந்ததன் அறிகுறி. சாய்ந்த வெயிலில் தூசி பொன்னாக மிதக்கும், அழகாகவே இருக்கும். அந்தத் தூசியில் சிலிகா இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற தூசி சீக்கிரம் இறங்கிவிடும். தெரியாத நுண்துகள்தான் மணிக்கணக்கில் மிதந்து நுரையீரலின் ஆழத்துக்குப் போகிறது, அங்கே ஏற்படும் தழும்பு ஆறாது. காற்றில் மிதக்கும் படிக சிலிகாவை 1997இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்தது. கிளேஸ் கலக்கும் மூலையில் இனிச் சிலிகாவைக் கூட்டப்போகிறவன் நான். கூட வேலை செய்யும் பையன் ஒருவன் இருக்கிறான்.

துடைப்பத்தை நிறுத்திவிட்டேன். இப்போது தரையைத் தண்ணீர் விட்டு ஈரத்தோடு துடைக்கிறோம். தூள் எடை போடும்போது இருவரும் நுண்துகள் வடிகட்டி வைத்த முகமூடி போடுகிறோம், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். காய்ந்த பாத்திரத்தின் அடியைத் தேய்ப்பதற்குப் பதிலாக ஈர ஸ்பாஞ்சால் தடவுகிறோம். மாலையில் பட்டறை சத்தமில்லாமல் முடிகிறது. பையனுக்கு அது வழக்கம், எனக்குத்தான் இன்னும் இல்லை.

சூளையை விடியும்வரை கோனைப் பார்த்துச் சுடுவது, கை வைத்துப் பார்த்துத் திறப்பது, மண்ணைச் சுழற்றிப் பிசையும் விதம் இவற்றில் எதையும் மாற்றவில்லை. மாற்றக் காரணம் கிடைக்கவில்லை.

இருபத்து மூன்று கிண்ணங்களும் இத்தனை நாளாக முதல் சூடு மட்டும் கண்டு, வெளிர்ச் சிவப்பாக அலமாரியில் இருந்தன. என் புதுக் கிளேஸில் முக்குவதா, அவர் வாளியிலா என்று பலநாள் யோசித்தேன். அவர் வாளிதான் நான் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல், தீர்ந்தால் திரும்ப வராது. கடைசியில் அதிலிருந்து அரை லிட்டர் எடுத்துக் காயவைத்தேன். வெள்ளைக் கட்டியாக ஒரு ஜாடியில் இருக்கிறது, தண்ணீர் விட்டால் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் கிளேஸாகும். மீதியில் அவருடைய கிண்ணங்களை முக்கினேன். பத்தரை லிட்டர், ஆழம் போதவில்லை, வாளியைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாக.

சூளை ஆறும்வரை காத்திருந்து, அவர் மகளையும் வரச்சொல்லித் திறந்தோம். இருவரும் பேசவில்லை. நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன், எதுவும் கேட்கவில்லை. அவர் மேல்தட்டிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து, முத்திரை இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இதுல அப்பா முத்திரை இல்லையே?"

"அடி நான் சீவினது. அவர் பார்க்கல."

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான்கு கிண்ணங்களை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டார், மீதி இங்கேயே இருக்கட்டும் என்றார். முத்திரையையும் கேட்டார். கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒன்று இன்னும் செய்துகொள்ளவில்லை. இப்போது பட்டறையிலிருந்து போகும் பாத்திரங்களின் அடி வெறுமையாகத்தான் இருக்கிறது.